67 விக்கெட் மட்டும் போதாது

2019-20 ரஞ்சி சீசனில் சௌராஷ்டிராவின் ஜெய்தேவ் உனாட்கட் 67 விக்கெட் எடுத்தார். ஒரே ரஞ்சி சீசனில் அதற்கு முன் எந்த வேகப்பந்து வீச்சாளரும் அத்தனை எடுத்ததில்லை. சௌராஷ்டிராவும் முதல் முறையாக ரஞ்சிக் கோப்பையைத் தூக்கியது. ஆனால் 2010 டிசம்பரில் செஞ்சூரியனில் விக்கெட்டே விழாமல் முடிந்த முதல் டெஸ்ட்டுக்குப் பிறகு, அடுத்த டெஸ்ட் அவருக்கு 2022 டிசம்பரில் மிர்பூரில்தான் கிடைத்தது. பன்னிரண்டு வருடங்கள்!

விக்கெட் கணக்கு எவ்வளவு பெரிதானாலும் தேர்வுக் குழுவுக்கு இரண்டு சந்தேகங்கள் மிஞ்சும். பிட்ச் உதவியதா? இந்த உடம்பு இன்னும் தாங்குமா? கழற்றிவிடப்பட்ட பையனுக்காகக் கடிதம் எழுதும் பயிற்சியாளர் இந்த இரண்டுக்கும்தான் பதில் சொல்ல வேண்டும்.

உடம்பைப் பற்றிய பதில் பந்துக் கணக்கில் இருக்கிறது. கடைசி வாரம் வீசிய பந்துகளை, கடைசி நான்கு வாரங்களின் வாரச் சராசரியால் வகுக்க வேண்டும். காயத்திலிருந்து திரும்பிய ஒருவர் வாரவாரியாக 60, 60, 90, 270 பந்து வீசினார் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 120, விகிதம் 2.25. ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர்களைப் பற்றி 2014இல் வெளியான ஆய்வில், இந்த விகிதம் 2ஐத் தாண்டியவர்களுக்கு அடுத்த வாரம் காயம்படும் வாய்ப்பு மிக அதிகமாக இருந்தது. அந்த 270 பந்து வாரத்தில் அவர் சோர்ந்து போனதைப் பார்த்துத்தான் நீக்கினார்கள் என்றால், அது திறமைக் குறைவு அல்ல, அவசரமாக ஏற்றிய சுமை. நீக்கிய பின் 180, 200, 190, 210 என்று வீசியிருந்தால் விகிதம் 1.08. அவர் தயாராகிவிட்டார் என்று சொல்ல இது நல்ல ஆதாரம்.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஸ்கோர் புத்தகத்தில் மேட்ச் பந்துகள் மட்டுமே இருக்கும். வலைப்பயிற்சியில் வீசியதை டிரெய்னர் நோட்டில் எழுதி வைக்காவிட்டால் கணக்கே பொய்யாகிவிடும்.

பிட்ச் சந்தேகத்துக்கு, அதே மேட்ச்களில் வீசிய மற்ற வேகப்பந்து வீச்சாளர்களோடு அவரை ஒப்பிட வேண்டும். அவருக்கு 50 பந்துக்கு ஒரு விக்கெட், மற்றவர்களுக்கு 72 பந்துக்கு ஒன்று என்றால் பிட்ச் எல்லோருக்கும் ஒன்றுதானே. அவற்றில் முதல் ஆறு பேட்ஸ்மேன்களின் விக்கெட் எத்தனை, மாலையில் வீசிய மூன்றாவது ஸ்பெல்லில் எத்தனை என்று பிரித்தும் காட்ட வேண்டும். என் பார்வையில் இந்தக் கடைசி எண்தான் கடிதத்தின் உயிர். உடம்பும் திறமையும் சேர்ந்து தெரியும் ஒரே இடம் அது.

விகிதம் சரியாக இருப்பவருக்கும் காயம் வரும். அதையும் பயிற்சியாளர் மறைக்காமல் எழுதட்டும். நேராக டெஸ்ட் அணியில் இடம் கேட்காமல், ‘ஏ’ அணியில் ஒரு நான்கு நாள் மேட்ச் கேட்கட்டும். தேர்வாளர்களும் அந்தத் தாளைக் கடைசி வரி வரை படித்துவிட்டு, மறுத்தால் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும்.