வான்பயணக் களைப்பு

வான்பயணக் களைப்பு (ஜெட் லாக்) என்பது பல நேர வலயங்களை வானூர்தியில் விரைவாகக் கடப்பவர்களுக்கு, உடலின் உள் கடிகாரமும் சென்றடைந்த ஊரின் நேரமும் பொருந்தாமல் போவதால் ஏற்படும் தற்காலிகமான கோளாறு ஆகும். இரவில் தூக்கமின்மை, பகலில் கடும் தூக்கக் கலக்கம், கவனக் குறைவு, பசி நேரம் மாறுதல், மலச்சிக்கல் போன்றவை இதன் முக்கிய அறிகுறிகள். நீண்ட நேரம் அமர்ந்திருப்பதால் வரும் பயணச் சோர்விலிருந்து இது வேறுபட்டது. பயணச் சோர்வு ஓர் இரவு நன்கு உறங்கினால் நீங்கிவிடும். வடக்கிலிருந்து தெற்காக, நேர வலயம் மாறாமல் எவ்வளவு தொலைவு பறந்தாலும் வான்பயணக் களைப்பு ஏற்படுவதில்லை.

உறக்க நேரம், ஒளி, உணவு நேரம் ஆகிய மூன்றையும் முறையாக மாற்றி இக்களைப்பின் காலத்தைக் குறைக்க முடியும். இவற்றுள் ஒளியே மிகவும் வலிமையானது. ஆனால் தவறான நேரத்தில் பெறும் ஒளி களைப்பைக் குறைப்பதற்குப் பதிலாக நீட்டித்துவிடும்.

காரணம்

மனித மூளையில் ஐப்போத்தலாமசு என்னும் பகுதியில், கண் நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்திற்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்களைக் கொண்ட சிறிய தொகுதி ஒன்று உள்ளது. இதுவே உடலின் தலைமைக் கடிகாரம். உறக்கம், உடல் வெப்பம், இயக்குநீர்ச் சுரப்பு ஆகியவற்றின் நாள்சுழற்சியை இது நெறிப்படுத்துகிறது. வெளியுலகக் குறிப்புகள் ஏதுமின்றி விடப்பட்டால் இதன் ஒரு சுற்று சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதலாக இருக்கும். ஆகவே ஒவ்வொரு நாளும் ஒளியால் இது திருத்தி வைக்கப்படுகிறது. பார்வைக்குப் பயன்படும் அணுக்கள் அல்லாமல், விழித்திரையில் நீல ஒளிக்கு மிகுதியாகத் துலங்கும் வேறு வகை நரம்பணுக்களே இத்திருத்தத்திற்கான செய்தியை முதன்மையாக மூளைக்கு அனுப்புகின்றன. இவ்வணுக்கள் தாமாகவே ஒளியை உணர்கின்றன என்பது 2002 ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது.

இக்கடிகாரம் ஒரே நாளில் பல மணி நேரம் நகராது. உரிய ஒளி கிடைத்தால் கிழக்குப் பயணத்திற்குத் தேவையான முன்னகர்வு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மணி நேரமும், மேற்குப் பயணத்திற்குத் தேவையான பின்னகர்வு ஏறக்குறைய 1½ மணி நேரமும் நிகழும். கடிகாரத்தின் இயல்பான சுற்று 24 மணியைவிடச் சற்றே நீண்டது என்பதால் பின்னகர்வு எளிதாகிறது. பெரும்பாலோர்க்குக் கிழக்குப் பயணமே கடினமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

உடல்வெப்பத் தாழ்நேரம்

உடலின் உள்வெப்பம் நாள்தோறும் ஒருமுறை மிகக் குறைந்த நிலையை அடைகிறது. அந்த நேரத்தை உடல்வெப்பத் தாழ்நேரம் எனலாம். வழக்கமாக உறங்கி எழுபவர் ஒருவர், விழிப்பு மணியின் உதவியின்றி எழும் நேரத்திற்கு 2 முதல் 3 மணி நேரம் முன்பு இது அமைகிறது. தூக்க உணர்வு மிகக் கடுமையாக இருக்கும் நேரமும் இதுவே.

ஒளியின் விளைவு இத்தாழ்நேரத்தைப் பொறுத்தே அமைகிறது. தாழ்நேரத்திற்கு முந்தைய சில மணி நேரத்தில் கண்ணில் படும் ஒளி கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது, அதாவது மறுநாள் உறக்கமும் விழிப்பும் தாமதமாகின்றன. தாழ்நேரத்திற்குப் பிந்தைய சில மணி நேரத்தில் படும் ஒளி கடிகாரத்தை முன்னுக்கு இழுக்கிறது. தாழ்நேரத்தை நெருங்க நெருங்க இரு விளைவுகளும் வலுக்கின்றன. எனவே ஒரே ஒளி, ஓரிரு மணி நேர வேறுபாட்டில் நேர் எதிரான பயனைத் தரக்கூடும்.

ஊரில் இருக்கும்போது தாழ்நேரம் விடியலுக்கு முன்பே முடிந்துவிடுவதால், காலை வெயில் எப்போதும் முன்னகர்வையே தருகிறது. "சென்றடைந்தவுடன் காலை வெயிலில் நடக்க வேண்டும்" என்னும் பொது அறிவுரை இதிலிருந்தே பிறந்தது. பல நேர வலயங்களைக் கடந்து கிழக்கே சென்றவருக்கு இவ்வறிவுரை பொருந்தாது. அவருடைய தாழ்நேரம் புதிய ஊரில் முற்பகலிலோ நண்பகலிலோ அமைந்திருக்கும்.

எடுத்துக்காட்டு: இலண்டனிலிருந்து சிங்கப்பூர்

குளிர்காலத்தில் சிங்கப்பூர் நேரம் இலண்டன் நேரத்தைவிட 8 மணி நேரம் முன்னதாக உள்ளது. இலண்டனில் இரவு 11.30க்கு உறங்கிக் காலை 7.30க்கு எழும் ஒருவரைக் கருதலாம். அவருடைய தாழ்நேரம் ஏறத்தாழ காலை 5 மணி. சிங்கப்பூர் நேரப்படி இது பிற்பகல் 1 மணி. முன்னேற்பாடு ஏதுமின்றிச் சென்று, முதல் நாள் காலை 8 முதல் 12 மணி வரை வெயிலில் சுற்றினால், அவ்வொளி முழுவதும் தாழ்நேரத்திற்கு முன்பே படுகிறது. கடிகாரம் 8 மணி நேரம் முன்னகர்வதற்குப் பதிலாக, எதிர்த் திசையில் 16 மணி நேரம் பின்னகரத் தொடங்கிவிடும்.

இதைத் தவிர்க்கப் பயணத்திற்கு 3 நாட்களுக்கு முன்பே தொடங்குவது நல்லது. உறங்கும் நேரம் இரவு 10.30, 9.30, 8.30 எனவும், எழும் நேரம் காலை 6.30, 5.30, 4.30 எனவும் நாள்தோறும் 1 மணி நேரம் முன்னுக்குக் கொண்டுவரப்படுகிறது. எழுந்தவுடன் சில மணி நேரம் வலுவான ஒளி தேவை. குளிர்கால இலண்டனில் 8 மணியளவில்தான் கதிரவன் எழுவதால், இதற்கெனச் செய்யப்பட்ட ஒளிவிளக்கைப் பயன்படுத்த வேண்டியிருக்கும். உறக்கத்தை மட்டும் மாற்றி ஒளியை விட்டுவிட்டால் பயன் மிகவும் குறைவு. 2003 ஆம் ஆண்டு சிக்காகோவில் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், 3 நாட்களில் உறக்கத்தை இவ்வாறு 3 மணி நேரம் முன்னகர்த்தியவர்களுள், காலையில் தொடர்ந்து வலுவான ஒளி பெற்றோரின் கடிகாரம் சராசரியாக 2 மணி நேரம் முன்னகர்ந்தது. மங்கலான ஒளியில் இருந்தோருக்கு அது 1 மணி நேரத்தை எட்டவில்லை.

ஆகவே புறப்படும் நாளில் இப்பயணியின் தாழ்நேரம் இலண்டனில் அதிகாலை 3 மணி, அதாவது சிங்கப்பூரில் முற்பகல் 11 மணி. வானூர்தி இரவு 10 மணிக்குப் புறப்பட்டால், இலண்டன் நேரம் 3 மணி வரை கண்மறைப்பு அணிந்து உறங்கலாம். அதன் பின் விளக்கையோ சாளர ஒளியையோ பயன்படுத்தலாம். ஏறத்தாழ 13 மணி நேரப் பயணத்தின் முடிவில் சிங்கப்பூரில் மாலை 7 மணி ஆகியிருக்கும். அதன் பிறகான திட்டம் வருமாறு:

- முதல் காலை: தாழ்நேரம் ஏறக்குறைய 10 மணி. 7 முதல் 10 மணி வரை திரைச்சீலை மூடிய அறையில் இருத்தல், வெளியே செல்ல நேர்ந்தால் கருங்கண்ணாடி அணிதல். 10 முதல் 1 மணி வரை வெளியில் இருத்தல்.
- இரண்டாம் காலை: 9 மணி வரை ஒளியைத் தவிர்த்து, பின்னர் வெளியே செல்லுதல்.
- மூன்றாம் காலை: 8 மணி வரை மட்டும் தவிர்த்தல்.
- நான்காம் காலை: தாழ்நேரம் 7 மணியளவில், கதிரவன் எழும் நேரத்தை எட்டிவிடுகிறது. இனித் தவிர்ப்பு தேவையில்லை, காலை ஒளி முழுவதும் நன்மையே தரும்.

தாழ்நேரம் இரவு உறக்கத்திற்குள் வந்துவிட்டால் களைப்பின் கடுமையான பகுதி முடிந்தது எனலாம். வெளியொளி, மேகமூட்டமான நாளிலும்கூட, சில ஆயிரம் லக்சு அளவுக்குக் குறையாமல் இருப்பது வழக்கம். வீட்டு விளக்கொளி பெரும்பாலும் சில நூறு லக்சு மட்டுமே. ஆகவே அறைக்குள் சாளரத்திலிருந்து விலகி அமர்ந்திருப்பது வெளியில் இருப்பதற்கு ஈடாகாது.

மேற்கு நோக்கிய பயணம்

அதே பயணி சிங்கப்பூருக்கு முழுமையாகப் பழகியபின் இலண்டன் திரும்பும்போது, அவருடைய தாழ்நேரமான காலை 5 மணி இலண்டனில் முந்தைய இரவு 9 மணியாகிறது. இப்போது தேவைப்படுவது பின்னகர்வு. எனவே மாலை முதல் இரவு 9 மணி வரை வலுவான ஒளியில் இருந்து, அதன் பின் ஒளியைக் குறைக்க வேண்டும். அடுத்தடுத்த நாட்களில் இவ்வெல்லை 10.30, 12 என நகரும். நள்ளிரவு கடந்து விழிப்பு வந்தால், தாழ்நேரம் கடந்துவிட்ட அவ்வேளையில் விளக்கைப் போடுவதும் கைப்பேசியைப் பார்ப்பதும் கடிகாரத்தை எதிர்த் திசையில் இழுக்கும். இருளில் படுத்திருப்பதே நல்லது.

உணவு நேரம்

கல்லீரல், கணையம், கொழுப்பிழையம் போன்ற உறுப்புகளுக்கும் தனித்தனிக் கடிகாரங்கள் உள்ளன. இவை தலைமைக் கடிகாரத்தை மட்டுமன்றி உணவு நேரத்தையும் பின்பற்றுகின்றன. 2017 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சரே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், 10 ஆண்களின் உணவு வேளைகள் 5 மணி நேரம் தள்ளிவைக்கப்பட்டன. இரத்தச் சர்க்கரையின் நாள்சுழற்சி 5 மணி நேரத்திற்கும் சற்று மேலாகப் பின்னகர்ந்தது. ஆனால் தலைமைக் கடிகாரத்தைக் காட்டும் மெலடோனின் சுழற்சி மாறவில்லை.

இதிலிருந்து உணவின் பங்கும் அதன் வரம்பும் தெளிவாகின்றன. புதிய ஊரின் நேரப்படி உண்பது வயிற்றுக் கோளாறுகளையும் நேரம் தவறிய பசியையும் குறைக்க உதவும், ஆனால் அது ஒளிக்கு மாற்றாகாது. மேற்கண்ட பயணிக்குச் சிங்கப்பூரில் முதல் இரவு 3 மணியளவில் பசி எழலாம். இலண்டனில் அது இரவு உணவு வேளை. அப்போது முழு உணவு உண்டால் பழைய சுழற்சியே நிலைபெறும். ஏதேனும் சிறிதளவு உண்டு, காலை உணவை உள்ளூர் நேரத்தில் தவறாமல் உண்பது பொருத்தமானது.

மெலடோனினும் காப்பியும்

மெலடோனின் என்பது இருளில் மூளை சுரக்கும் இயக்குநீர். மாத்திரையாகச் சென்றடைந்த ஊரின் உறங்கும் நேரத்தில் 0.5 முதல் 5 மில்லிகிராம் வரை உட்கொள்வது, 5 அல்லது அதற்கு மேற்பட்ட நேர வலயங்களைக் கடந்தவர்களுக்குப் பயனளிப்பதாக 2002 ஆம் ஆண்டின் காக்ரேன் மீளாய்வு கண்டது. பகலில் தவறான நேரத்தில் உட்கொண்டால் தூக்கக் கலக்கம் உண்டாவதுடன் பழகுதலும் தாமதமாகும். வலிப்பு நோய் உள்ளவர்களும், வார்பரின் என்னும் குருதியுறைவெதிர் மருந்து உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேளாமல் இதைப் பயன்படுத்தலாகாது. சில நாடுகளில் இதற்கு மருத்துவரின் சீட்டு தேவை.

காப்பி பகல் கலக்கத்தைப் போக்கும், ஆனால் அதிலுள்ள காபீனில் பாதி வெளியேறவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். எனவே பிற்பகலுக்குப் பின் தவிர்ப்பது நல்லது. பகல் உறக்கம் அரை மணி நேரத்தைத் தாண்டினால் இரவு உறக்கம் கெடும்.

முன்னேற்றத்தை அறிதலும் வரம்புகளும்

கடிகாரம் சரியான திசையில் நகர்கிறதா என்பதை, நாள்தோறும் தூக்கம் மிகக் கடுமையாக அழுத்தும் நேரத்தைக் குறித்து அறியலாம். கிழக்கே சென்றவருக்கு அது 11, 10, 9 மணி என முன்னே வரவேண்டும். மாறாகப் பிற்பகலுக்கும் மாலைக்கும் நகர்ந்தால் கடிகாரம் எதிர்த் திசையில் செல்கிறது என்று பொருள்.

தாழ்நேரம் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால் மேற்கண்ட கணக்கு ஒரு மதிப்பீடே ஆகும். இரவு வேலை செய்பவர்களுக்கும் ஒழுங்கற்று உறங்குபவர்களுக்கும் இது பொருந்தாமல் போகலாம். நேர வேறுபாடு 10 மணியை எட்டும் கிழக்குப் பயணங்களில், கடிகாரத்தை முன்னகர்த்துவதைவிடப் பின்னகர்த்துவதே சிலருக்கு எளிது. இரண்டு நாட்களுக்குள் திரும்புபவர்கள் இயன்றவரை சொந்த ஊர் நேரத்திலேயே உறங்கி எழுவது சிறந்தது. இன்சுலின் எடுத்துக்கொள்ளும் நீரிழிவு நோயாளிகள் உணவு நேரத்தை மாற்றும் முன் மருத்துவரிடம் மருந்தளவைக் கேட்டறிய வேண்டும். தாழ்நேரம் பகலில் அமைந்திருக்கும் நாட்களில் அந்நேரத்தை ஒட்டி ஊர்தி ஓட்டுவது விபத்துக்கு வழிவகுக்கக் கூடும்.