தலைக்கட்டு வரியும் திருவிழா மீதியும்

தெரு மாரியம்மன் திருவிழாவுக்கு வசூலிக்கும் வரி பல ஊர்களில் வீட்டுக்கு இவ்வளவு என்று விதிக்கப்படுவதில்லை. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்றே விதிக்கப்படுகிறது. மணமான அண்ணன் தம்பி இருவர் ஒரே வீட்டில் இருந்தால் அது இரண்டு தலைக்கட்டு. தனியாக வாழும் விதவைகளுக்கு அரை வரி போடுவதும் உண்டு. ஆகவே கணக்கு தொடங்க வேண்டிய இடம் செலவுப் பட்டியல் அல்ல, தலைக்கட்டுப் பட்டியல்தான்.

ஒரு தெருவில் 104 முழு வரி, 16 அரை வரி என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு அரை வரி சேர்ந்தால் ஒரு முழு வரி என்பதால் மொத்தம் 112 பங்கு. போன ஆண்டு பில்களை வைத்துப் பார்த்தால் இந்த ஆண்டு பந்தல், மைக்செட், மேளம், பூ, அன்னதானம் எல்லாம் சேர்த்து ரூ.1,80,000 ஆகும் என்று தெரிகிறது. பழைய இருப்பு ரூ.6,000, எதிர்பார்க்கும் நன்கொடை ரூ.30,000. இவை போக வேண்டியது ரூ.1,44,000. அதை 112-ஆல் வகுத்தால் ரூ.1,286 வருகிறது. வசூலிக்க வசதியாக ரூ.1,300 என்று முடிவு செய்யலாம். அரை வரி ரூ.650.

விழா முடிந்ததும் வரவை நோட்டில் எழுதியதை வைத்துக் கூட்டாமல், ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளை எண் வரிசையில் வைத்துக் கூட்ட வேண்டும். இடையில் ஓர் எண் விடுபட்டிருந்தால் அந்தப் பணம் யார் கையில் இருக்கிறது என்று அப்போதே கேட்டுவிடலாம். ரத்தான ரசீதின் இரு பகுதிகளும் புத்தகத்திலேயே இருக்க வேண்டும். இந்தத் தெருவில் இரண்டு முழு வரி பாக்கி என்பதால் வந்த வரி ரூ.1,43,000. நன்கொடை ரூ.34,500. பழைய இருப்போடு மொத்த வரவு ரூ.1,83,500.

பில்களின் கூட்டுத்தொகை ரூ.1,76,200. கையில் இருக்க வேண்டியது ரூ.7,300.

பெரும்பாலான தகராறு அட்வான்ஸில்தான் தொடங்குகிறது. பந்தல்காரருக்கு முன்பே ரூ.10,000 கொடுத்து அதைச் செலவில் எழுதியிருப்பார்கள். கடைசியில் அவர் ரூ.38,000-க்கு முழு பில் தருவார், கொடுப்பது ரூ.28,000 மட்டுமே. நோட்டில் 38,000 என்று எழுதினால் அட்வான்ஸ் இரண்டு முறை செலவாகிவிடும். கையில் ரூ.7,300 இருக்கும்போதே நோட்டு ரூ.2,700 பற்றாக்குறை காட்டும். வித்தியாசம் சரியாக அட்வான்ஸ் தொகையாக இருந்தால் முதலில் இந்த இடத்தைத்தான் பார்க்க வேண்டும். ஒருவர் அரிசிக்கடை பில்லை நேரடியாகக் கட்டியிருந்தால், அதை வரவிலும் செலவிலும் எழுத வேண்டும், அல்லது இரண்டிலும் விட்டுவிட வேண்டும்.

ரூ.7,300 முழுவதும் இந்த ஆண்டின் மீதி அல்ல. பழைய இருப்பைக் கழித்தால் ரூ.1,300தான் மிஞ்சியிருக்கிறது. பாக்கி ரூ.2,600 வந்து சேர்ந்தால் அது ரூ.3,900 ஆகும், பங்குக்கு ஏறத்தாழ ரூ.35. வராத பாக்கியை இருப்பில் சேர்க்கக் கூடாது. பெயர்களோடு தனியாக எழுத வேண்டும். இவ்வளவு சிறிய தொகையைத் திருப்பித் தருவதைவிட அடுத்த ஆண்டின் பழைய இருப்பாக எடுத்துச் செல்வதே எளிது. பெரிய தொகை மிஞ்சினால் பங்கு வீதத்தில், அரை வரிக்காரருக்குப் பாதியாகத் திருப்பித் தரலாம்.