பெரியவர்களின் தசை பலமும் கிரியேட்டின் பொடியும்



கைப்பிடியை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை, தரையில் அமர்ந்து தொழுதவர் நாற்காலித் தொழுகைக்கு மாறிவிட்டார் என்றால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடுகிறோம். இதற்கு மூட்டு வலி மட்டுமே காரணமல்ல. தொடைத் தசை மெலிந்து பலம் குறைவதும் ஒரு காரணம். ஜிம்முக்குப் போகும் பேரன் குடிக்கிற கிரியேட்டின் பொடியைத் தாமும் குடிக்கலாமா என்று சில பெரியவர்கள் நம்மிடம் கேட்கிறார்கள்.

பொடியை மட்டும் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தால் பெரிய பலன் இல்லை. தசைக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டே குடித்தால் கொஞ்சம் கூடுதல் பலன் உண்டு.

கிரியேட்டின் நமக்குப் புதிய பொருளல்ல. நம் உடலே தினமும் சுமார் 1 கிராம் தயாரிக்கிறது. இறைச்சி, மீனிலிருந்தும் கிடைக்கிறது. எழுவது, தூக்குவது போன்ற சில நொடி வேலைகளுக்குத் தசைக்கு உடனடி சக்தி தருவது இதுதான். இருப்பு கூடினால், எட்டு முறை எழுந்து களைத்துப்போகிறவர் ஒன்பது, பத்து முறை எழுவார். அந்தக் கூடுதல் உழைப்புதான் தசையை வளர்க்கிறது. 2017-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 22 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. பயிற்சியோடு கிரியேட்டினும் எடுத்த முதியவர்களுக்கு, பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடக் கொழுப்பில்லாத உடல் எடை சராசரியாக 1.37 கிலோ கூடுதலாக ஏறியிருந்தது. அதில் ஒரு பங்கு தசைக்குள் சேரும் நீர் என்பதையும் மறக்கக் கூடாது.

66 வயதுப் பெரியவர் ஒருவரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார அவருக்கு 16 நொடி ஆகிறது. ஆசிய நாடுகளின் அளவுகோல்படி 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும். அவர் வாரம் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள், நாற்காலியில் எட்டு முறை எழுந்து உட்காருகிறார். சற்று ஓய்வெடுத்து மறுபடியும் எட்டு முறை. அதோடு சுவரில் கை ஊன்றித் தள்ளுவதும், குதிகாலை உயர்த்தி நிற்பதும் உண்டு. பத்து முறை சுலபமாக வந்ததும் இரு கைகளிலும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் பிடித்துக்கொள்கிறார். கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுமை போதவில்லை. மூட்டு வலித்தால் இருக்கையில் மடித்த கம்பளி வைத்து உயர்த்தலாம். நெஞ்சு வலியோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பொடி தினமும் 3 கிராம், வெதுவெதுப்பான நீரில். ஜிம்மில் சொல்வதுபோல் முதல் வாரம் 20 கிராம் குடிக்கத் தேவையில்லை, அது வயிற்றைக் கலக்கும். 3 கிராமிலேயே சுமார் நான்கு வாரத்தில் தசையின் இருப்பு நிறைந்துவிடும். எந்த நேரம் என்பது முக்கியமில்லாததால் ரமலானில் நோன்பு திறந்த பிறகோ ஸஹரிலோ குடிக்கலாம். கடைகளில் விற்கும் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் ரசாயன முறையில் தயாராவது, விலங்கிலிருந்து எடுப்பதல்ல. ஆனால் மாத்திரை உறைகளில் ஜெலட்டின் இருக்கலாம். எனவே வேறெதுவும் கலக்காத வெறும் பொடியே நல்லது.

மூன்று மாதத்தில் அவர் 12 நொடிக்குள் எழுந்துவிடுகிறார். ஆனால் ரத்தப் பரிசோதனையில் 1.0 ஆக இருந்த கிரியேட்டினின் 1.2 என்று வருகிறது. கிட்னி போய்விட்டது என்று வீடே பயப்படுகிறது. இங்கேதான் குழப்பம். கிரியேட்டின் உடலில் சிதைந்து உண்டாகும் கழிவுதான் கிரியேட்டினின். பொடி குடித்தால், சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் இந்த எண் சற்று ஏறலாம். மருத்துவரிடம் பொடி குடிப்பதைச் சொன்னால், சில வாரம் நிறுத்தி மறுபடி பார்க்கச் சொல்வார், அல்லது சிஸ்டாட்டின்-சி என்ற வேறு பரிசோதனை எழுதுவார். எல்லாவற்றையும் பொடியின் மேல் போட்டுவிடவும் கூடாது. பொடியை நிறுத்திய பிறகும் எண் இறங்காவிட்டால், சிறுநீரில் புரதம் போனால், கால் வீங்கினால் அது உண்மையான சிறுநீரகப் பிரச்சினையாக இருக்கலாம்.

ஆகவே டப்பா வாங்கும் முன்பே கிரியேட்டினினும் சிறுநீர்ப் புரதமும் பார்த்து, அந்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். பிறகு ஒப்பிட அது வேண்டும். ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவர் சொல்லாமல் தொடவே கூடாது. சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களும், வலி மாத்திரை தினமும் போடுகிறவர்களும் முதலில் அவரிடம் கேட்க வேண்டும்.

பொடி வாங்க வசதியில்லாதவர்கள் வருந்த வேண்டாம். பலனில் பெரும்பங்கு நாற்காலிப் பயிற்சியிலிருந்தே வருகிறது. இன்றிரவே வீட்டுப் பெரியவரை ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லி, பக்கத்தில் நின்று நொடிகளை எண்ணிப் பாருங்கள்.