கலகலப்பானவன் ஏன் மௌனமாகிறான்?

பேராசிரியர் பணியோடு விடுதிக் காப்பாளர் பொறுப்பையும் நான் சுமந்த ஆண்டுகளில், முதலாண்டு மாணவர்களுக்கென்று ஒரு குறிப்பு எழுதி உணவுக்கூடத்துச் சுவரில் ஒட்டுவது வழக்கம். 'உங்களில் அதிகம் சிரிப்பவர்தான் முதலில் பேச்சை நிறுத்துவார். அப்போது அவரைத் திமிர் பிடித்தவர் என்று எண்ணிவிடாதீர்கள்' என்று அது தொடங்கும். முதல் நாளே அழுதுவிடும் மாணவனைப் பற்றி எனக்குக் கவலை இருந்ததில்லை. அவனுக்கு ஆறுதல் சொல்ல நான்கு பேர் வந்துவிடுவார்கள்.

எங்கள் ஏரலிலிருந்து கொங்கு நாட்டுக் கல்லூரி ஒன்றில் சேர்ந்த ஒரு மாணவனை எடுத்துக்கொள்வோம். தாமிரவருணிக் கரையில் அவனைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம் இருக்கும். 'ஏல' என்று அவன் அழைத்தால் அதில் உரிமையும் அன்பும் இருப்பதை அங்கே அனைவரும் அறிவார்கள். விடுதியில் அதே சொல்லைச் சொன்னபோது பக்கத்து அறை மாணவன் முகம் சிவந்தான். அடுத்த கேலிக்கு யாரும் சிரிக்கவில்லை. அதற்கடுத்ததை அவன் சொல்லவே இல்லை. மூன்றாவது வாரத்தில் இரவு உணவுக்குக் கடைசியாக வந்து, சுவரைப் பார்த்து அமர்ந்து உண்டுவிட்டுப் போனான். காரணம் கேட்டால், 'ஒண்ணுமில்ல சார்' என்பதே பதில்.

நகைச்சுவை ஒருவரின் தனிச்சொத்து அன்று. கேட்பவரும் அதில் பங்குதாரர். பட்டப்பெயர்கள், பழைய சம்பவங்கள், வட்டார வழக்கு என்னும் முதலீடு ஊரிலேயே தங்கிவிடுகிறது. (பொருளியல்காரனுக்கு உவமை வேறு எங்கிருந்து வரும்!) கூச்ச சுபாவம் உள்ளவனுக்கு இந்த இழப்பு குறைவு, அவன் ஊரிலும் அதிகம் பேசியதில்லை. கலகலப்பானவனோ பழகிய மனிதர்களோடு, தான் யார் என்பதையும் இழந்து நிற்கிறான். மனத்தின் ஒரு பாதி ஓயாமல் வீட்டிலேயே இருப்பதால், எதிரே இருப்பவர் பேச்சைத் தொடர்வதே அவனுக்கு உழைப்பாகிவிடுகிறது. வருத்தத்தைச் சொன்னால் தன் பெயர் கெடும் என்ற அச்சமும் உண்டு. மூன்றும் சேர்ந்து அவன் வாயை அடைக்கின்றன.

இதனை முதன்முதலில் ஒரு நோயாக எழுதியவர் ஜொஹானஸ் ஹோஃபர். 1688-ஆம் ஆண்டு பாசல் பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வேட்டில், பெர்ன் நகரிலிருந்து படிக்க வந்த ஓர் இளைஞனைப் பற்றிக் கூறுகிறார். சாகும் நிலையில் இருந்த அவனை ஊருக்கு அனுப்ப ஏற்பாடு நடந்ததுமே அவன் தேறத் தொடங்கினான். ஊர் போய்ச் சேருமுன்பே குணமடைந்தான்.

நம் கணித மேதை ராமானுஜனும் இங்கே நண்பர்களோடு சிரித்துப் பேசி மகிழ்ந்தவர்தான். 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்ற பிறகு தம் அறையில் தாமே சமைத்து உண்டார். ஒருநாள் விருந்துக்கு வந்தவர்கள் மூன்றாம் முறை பரிமாறியபோது வேண்டாம் என்றதும், சொல்லாமல் வெளியேறி ஆக்ஸ்போர்டுக்குச் சென்றுவிட்டார். ரசம் வைத்துப் பரிமாறுவது ஒன்றே அந்த ஊரில் அவருக்கு எஞ்சியிருந்த பழைய கலகலப்பு. அதை மறுத்தது அவரையே மறுத்ததாகப் பட்டிருக்க வேண்டும். தொடக்கத்தில் அடிக்கடி வீட்டுக்கு எழுதியவர் போகப்போக எழுதுவதையே ஏறக்குறைய நிறுத்திவிட்டார். போரும் நோயும் சேர்ந்துகொண்டதால் எல்லாவற்றையும் ஊர் நினைவின் கணக்கில் எழுத மாட்டேன். ஆனால், கடிதம் குறைவதை ஏக்கம் குறைந்ததாகப் படிப்பது தவறு.

ஊர் ஏக்கத்துக்கு ஒரு நேரக்கணக்கு உண்டு. வகுப்பிலும் விளையாட்டிலும் அடங்கியிருக்கும். விளக்கணைத்த பின்பும், ஞாயிறு பிற்பகலிலும், விழித்தவுடனும் தலைதூக்கும். கை சும்மா இருக்கும்போது மனம் பேருந்து ஏறிவிடுகிறது. ஆகவே, படுக்கப்போகும் நேரத்தில் வீட்டுக்குப் பேசாதீர்கள், மாலை விளையாட்டுக்கு முன்பு பேசுங்கள் என்று எழுதியிருந்தேன். வாரந்தோறும் ஊருக்கு ஓடுவதையும் தடுப்பேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவனுக்கு மீண்டும் முதல் நாளாகிவிடும். ஆனால் முதல் விடுமுறை எந்தத் தேதி என்பதை அவன் அறிந்திருக்க வேண்டும்.

எல்லா மௌனமும் ஊர் ஏக்கம் அன்று. ஏக்கம் உள்ளவன் பந்தைக் கண்டால் சற்று மலர்வான். ஊருக்குப் போனால் பழையபடி பேசுவான். வீட்டிலும் மலராதவன், இரண்டு வாரமாக உணவும் உறக்கமும் குன்றியவன், வாழ்வில் பயனில்லை என்று பேசுபவன் ஆகியோரைக் காப்பாளர் மருத்துவரிடம் அன்றே அழைத்துச் செல்ல வேண்டும். பகடிவதைக்கு ஆளானவனும் இப்படித்தான் ஒதுங்குவான். அதையும் தனியே அழைத்துக் கேட்க வேண்டும்.

அந்த ஏரல் பையனிடம் யாரும் அறிவுரை சொல்லவில்லை. உணவுக்கூடத்தில் பரிமாறும் பொறுப்பை ஒரு மாதத்துக்குக் கொடுத்தார்கள். சாம்பார் வாளியோடு வரிசையில் போகிறவன் ஒவ்வொருவரிடமும் ஒரு சொல்லாவது பேசியாக வேண்டும். பத்தாவது நாளோ என்னவோ, 'ஏல, இன்னும் கொஞ்சம் ஊத்து' என்று அவனிடமே சொன்னான் அந்தப் பக்கத்து அறைக்காரன்.