புள்ளி தொலைந்தால் பொருள் தொலையும்

கம்பளையில் உள்ள ஓர் அச்சகத்தார் தமது ஜெர்மானிய அச்சு இயந்திரத்தின் கைநூலைக் கைப்பேசியில் படமெடுத்து மொழிபெயர்க்க முற்பட்டால், 'பொத்தானை அழுத்துக' என்பது 'பொத்தானை அச்சிடுக' என்று வந்து நிற்கக்கூடும். அச்சிடுவதைக் குறிக்கும் 'ட்ருக்கன்' என்ற சொல்லின் உகரத்தின் மேல் 'உம்லவுட்' எனப்படும் இரு புள்ளிகள் ஏறினால், அது அழுத்துவதைக் குறிக்கும் 'ட்ரியூக்கன்' ஆகிவிடுகிறது. அச்சு இயந்திரக் கைநூலில் இரண்டு சொற்களுக்கும் இடமிருப்பதால், சூழலைக் கொண்டு பிழையை உணர்வதும் எளிதன்று. மங்கலான படத்தில் அப்புள்ளிகள் தூசியைப் போலத் தோன்றுவதாலும், எழுத்துணரி மென்பொருளில் ஜெர்மனுக்குப் பதிலாக ஆங்கிலம் தெரிவாகியிருப்பதாலும் அவை உதிர்ந்துபோகின்றன.

வியட்நாமிய மொழியில் இழப்பு இன்னும் பெரிது. குரலின் ஏற்றஇறக்கத்தைக் காட்டும் தொனிக்குறி இல்லாத 'மா' பேயையும், மேலே சாய்கோடு பெற்ற 'மா' தாயையும், கீழே புள்ளி பெற்ற 'மா' நெல் நாற்றையும் குறிப்பதால், குறிகள் உதிர்ந்தால் மூன்றும் பேயாகிவிடும். புள்ளியிடாத ஓலைச்சுவடிகளைப் படித்த தமிழருக்கு இச்சிக்கல் புதிதன்று.

ஜெர்மன் பக்கம் முழுவதிலும் உம்லவுட் பெற்ற எழுத்து ஒன்றுகூட இல்லையெனில் பிழை நேர்ந்திருப்பது ஏறத்தாழ உறுதி. அப்போது மொழித்தெரிவைத் திருத்தி, நல்ல வெளிச்சத்தில், தாளை நேராக வைத்து மீண்டும் படமெடுத்து, மூலத்துடன் ஒப்பிட்ட பின்னரே மொழிபெயர்க்க வேண்டும்.