சுட்டியை எங்கே வைப்பது?

கொல்கத்தா அலிப்பூரில், பெல்வெடேர் வளாகத்தில் இருக்கும் தேசிய நூலகம் 1953 பிப்ரவரி 1-ம் தேதி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதைப் பற்றி ஃபேஸ்புக்கில் எழுதுகிறீர்கள். nationallibrary.gov.in என்ற சுட்டியைப் பதிவிலேயே வைப்பதா, முதல் பின்னூட்டத்திலா?

பலர் எழுதும் முன்பே முடிவு செய்துவிடுகிறார்கள். திருத்தி எழுதியபின் கேட்க வேண்டிய கேள்வி இது. முதல் வரைவில் ‘விவரங்கள் இணையதளத்தில்’ என்றிருந்தது. திருத்தும்போது வரலாறு முழுவதையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள். இனி சுட்டி வெறும் ஆதாரம்தான், பின்னூட்டத்துக்குப் போகலாம். மாறாக, உறுப்பினராவது எப்படி என்று பதிவு திசை மாறியிருந்தால் சுட்டி பதிவிலேயே இருந்தாக வேண்டும். ஒருவர் பதிவைப் பகிரும்போது பின்னூட்டம் கூடவே போவதில்லை. அடுத்தவர் கைக்குச் சேர்வது ‘சுட்டி கீழே’ என்ற வரி மட்டுமே.

சுட்டியுள்ள பதிவு குறைவானவர்களையே எட்டும் என்ற அச்சம் கற்பனையல்ல. எக்ஸ் தளத்தில் சுட்டியைப் பதிலில் போடும்படி 2024 நவம்பரில் எலான் மஸ்க்கே சொன்னார். ஆனால் விண்ணப்பிக்க வந்தவருக்கு வழி தெரியாவிட்டால் ஆயிரம் பேர் பார்த்தென்ன?

இன்ஸ்டாகிராமில் இந்தத் தேர்வே கிடையாது. படக்குறிப்பிலும் பின்னூட்டத்திலும் சுட்டி வெறும் எழுத்தாகவே நிற்கும், அழுத்தினால் திறக்காது. மிஞ்சுவது சுயவிவரப் பக்கம். 2023 ஏப்ரல் முதல் அங்கே ஐந்து சுட்டிகள் வைக்கலாம். தொல்லை பிறகுதான் வரும்: அடுத்த மாதம் அதை மாற்றினால், ‘சுட்டி சுயவிவரத்தில்’ என்ற பழைய பதிவு வாசகரை வேறெங்கோ அனுப்பிவிடும். எனவே ‘தேசிய நூலகம்’ என்று பெயரிட்டு ஒரு சுட்டியை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள்.