ஆட்டத்தில் ஓர் இடம்

புதிய பள்ளியில் சேர்ந்த குழந்தை இடைவேளையில் தூணோரம் தனியே நிற்கிறது என்று கேள்விப்பட்டால் வீட்டார் உடனே கூறும் அறிவுரை ஒன்றுதான்: "போய் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேளேன்." சென்ற ஆண்டு திருச்சியிலிருந்து அத்தான் மாற்றலாகிப் பவானிபூருக்குக் குடும்பத்துடன் வந்தபோது, என் அக்காளும் தன் ஏழு வயது மகளுக்கு இதையேதான் சொன்னாள். அடுத்த வீட்டு அம்மாளிடம் கேட்டு, "ஆமாகே கேலாய் நெபே?" (என்னை ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வீர்களா?) என்ற வங்காள வாக்கியத்தையும் மனப்பாடம் செய்வித்தாள். மூன்று நாள் குழந்தை போய்க் கேட்டாள். மூன்று நாளும் கிடைத்த விடை "நெபோ நா." சேர்க்க மாட்டோம் என்பது அதன் பொருள். நான்காம் நாள் பள்ளிக்கே போகமாட்டேன் என்று அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை விடுதியிலிருந்து அக்காள் வீட்டுக்குச் சாப்பிடப் போன எனக்கு இந்தக் கதை சொல்லப்பட்டது. வங்காளப் பிள்ளைகளுக்கு நம்மைப் பிடிக்கவில்லை என்றே அக்காள் முடிவு கட்டியிருந்தாள். அது சரியன்று என்பது என் எண்ணம். அதே வாக்கியத்தை ஒரு வங்காளச் சிறுமி போய்க் கேட்டிருந்தாலும் பெரும்பாலும் அதே விடைதான் கிடைத்திருக்கும்.

காரணம் இதுதான். வில்லியம் கோர்சாரோ என்ற அமெரிக்கச் சமூகவியலார், சிறு குழந்தைகளின் பள்ளியொன்றில் அவர்களோடு தரையில் அமர்ந்து நெடுநாள் கவனித்து, 1979-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். குழந்தைகளின் ஆட்டம் எளிதில் கலைந்துபோவது. யார் முதலை, எது கரை என்று பேசி முடித்து, அப்போதுதான் ஆட்டம் சூடுபிடித்திருக்கும். அந்த வேளையில் ஒருவர் வந்து, "நானும் வரலாமா?" என்றால், ஆட்டத்தை நிறுத்தி அவருக்கு விடை சொல்லவேண்டும், பங்குகளை மறுபடி பிரிக்கவேண்டும். ஆட்டத்தைக் காப்பாற்ற எளிய வழி "முடியாது" என்பதே. வந்தவர்மீது வெறுப்பு இருந்துதான் அப்படிச் சொல்லவேண்டும் என்பதில்லை. எல்லாருக்கும் வேண்டியவரான பிள்ளைகூட இப்படி மறுக்கப்படுவது உண்டு. அவ்வாறானால் ஆட்டத்தில் இடம் பெறுபவர் எப்படிப் பெறுகிறார்? பெரும்பாலும் அவர் கேட்பதேயில்லை. ஓரத்தில் நின்று சற்றே பார்க்கிறார். மற்றவர் செய்வதைத் தாமும் அருகிலேயே செய்கிறார். பிறகு அந்த ஆட்டத்துக்குள்ளிருந்தே ஏதேனும் ஒரு சொல் சொல்கிறார். அதற்குள் ஆட்டம் அவரையும் சேர்த்துக்கொண்டு நடந்துகொண்டிருக்கும்.

ஆகவே நான் குழந்தையிடம், "நாளைக்கு யாரிடமும் ஒன்றும் கேட்காதேம்மா. அவர்கள் என்ன விளையாடுகிறார்கள் என்று மட்டும் பார்த்துவந்து சொல்" என்றேன். அழுகை நின்றது. கேட்டு மறுக்கப்படும் வேலை இல்லையென்றால் பள்ளிக்குப் போக அவளுக்குத் தடையில்லை.

மறுநாள் மாலை தொலைபேசியில் அவள் சொன்னது: "மாமா, படிமேலே நாலு பேர் நிக்கறாங்க. கீழே ஒருத்தி நிக்கறா. இவங்க இறங்கி இறங்கி ஓடறாங்க. அவ தொட்டுட்டா அவுட்டு."

இது வங்கத்தின் 'குமிர் டாங்கா'. குமிர் என்றால் முதலை. டாங்கா என்றால் கரை. முற்றம் தண்ணீர், திண்ணையோ படியோ கரை. முதலையைச் சீண்டிக்கொண்டே தண்ணீரில் இறங்கி, தொடப்படாமல் கரையேற வேண்டும். படிக்கும் அன்பர்களுக்கு இந்நேரம் நம் ஊர்க் 'கல்லா மண்ணா' நினைவுக்கு வந்திருக்கும். கல்லைப் பிடித்தவர் கல்லில் கால் வைப்பவரைத் தொடுவார். மற்றவர் மண்ணில் நிற்பர். இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. பாண்டி ஆட்டமும் இங்கே 'எக்கா தொக்கா' என்ற பெயரில் இருக்கிறது. குழந்தைக்குத் தெரியாதது பேச்சுதான். ஆட்டம் அவளுக்குத் திருச்சியிலேயே தெரியும்.

அடுத்த ஞாயிறு வீட்டு வாசற்படியிலேயே நானும் அவளும் முதலை ஆட்டம் ஆடினோம். மூன்று சொற்கள் மட்டும் பழக்கினேன்: 'பாலா' என்றால் ஓடு, 'எபார் ஆமி' என்றால் இந்தமுறை நான், 'ஆர் ஏக்பார்' என்றால் இன்னொரு தடவை. மூன்றும் ஆட்டம் நடக்கும்போது கத்தவேண்டிய சொற்கள். பெயர், ஊர், தந்தையின் வேலை முதலிய அறிமுக வாக்கியங்களை நான் தொடவேயில்லை. ஏழு வயதில் ஒருவரையொருவர் அறிவது ஓட்டத்தில்தான்.

திங்களன்று அவள் படியின் மறுகோடியில் நின்று, தானாகவே இறங்கி ஏறியிருக்கிறாள். யாரும் கண்டுகொள்ளவில்லை. புதன்கிழமை முதலை பாய்ந்தபோது முன்னால் நின்றவளைப் பார்த்து, "பாலா!" என்று கத்தினாள். அவள் தப்பினாள். அப்போதும் யாரும் "வா" என்று அழைக்கவில்லை. ஆனால் அடுத்த பாய்ச்சலில் முதலை இவளையும் துரத்தியது. துரத்தினால் சேர்த்துக்கொண்டார்கள் என்றே பொருள்.

துரத்திப் பிடித்தும் இவளை அவுட்டாக்கவில்லை என்று அன்று மாலை குறைப்பட்டுக்கொண்டாள். அவளை 'துத்பாத்' என்றார்களாம். பாலும் சோறும்! நம் ஊரில் 'ஒப்புக்குச் சப்பாணி' என்போமே, அதுதான். சிறியவரையும் ஆட்டம் அறியாதவரையும் கணக்கில் சேர்க்காமல் ஆட்டத்தில் சேர்க்கும் அருமையான ஏற்பாடு இது. இதை அவமானமாகக் கொள்ளாமல் ஒரு வாரம் பொறுத்திருக்கச் சொன்னேன். வாரங்கள் கடந்தும் ஒருவரைச் சப்பாணியாகவே வைத்திருந்தால் அது வேறு செய்தி. அப்போது "எபார் ஆமி" என்று முதலையாக முன்வர வேண்டும்.

இடையில் ஒரு தவறும் நேர்ந்தது. கொஞ்சம் துணிவு வந்ததும், "எங்கள் ஊரில் கல்லா மண்ணா என்று முதலில் கேட்கவேண்டும்" எனச் சைகையால் ஆட்டத்தைத் திருத்தப் போனாள். இரண்டு நாள் மறுபடி தூணோரம். புட்டல்லாஸ், காட்மன் என்ற இருவர் 1981-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டுகிறது: புதிதாய் வந்தவர் தம்மைப்பற்றிப் பேசுவதும், நடக்கும் ஆட்டத்தை மறுத்துரைப்பதும், கவனத்தைத் தம்பக்கம் இழுப்பதும் அவரை வெளியே தள்ளிவிடுகின்றன.

கூட்டத்தில் இடம் கிடைத்தாலும் தோழி கிடைத்துவிடுவதில்லை. தோழமை பெரும்பாலும் இருவருக்கிடையேதான் முளைக்கிறது. "இவளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று வகுப்பில் கட்டளையிடும்படி ஆசிரியையைக் கேட்கப் புறப்பட்ட அக்காளைத் தடுத்து, நோட்டுப் புத்தகங்களை எடுத்துச்செல்வது போன்ற சிறு வேலையை இவளுக்கும் இன்னொரு சிறுமிக்கும் சேர்த்துத் தரும்படி கேட்கச் சொன்னேன். அந்தச் சிறுமி வகுப்பின் தலைவி அல்லள். அவளும் பாதி நேரம் தனியாய் இருப்பவள். தலைவியைச் சுற்றி ஏற்கெனவே கூட்டம் இருக்கும். பிறகு ஒரு சனிக்கிழமை அவள் வீட்டுக்கு வந்தாள். ஒரு மணி நேரத்துக்குமேல் வேண்டாம் என்று அக்காளிடம் சொல்லிவைத்தேன். பல்லாங்குழி ஆடினார்கள். அதற்கு மொழி வேண்டாம், புளியங்கொட்டை போதும்.

புது மொழிக்கு நடுவே வந்த குழந்தை சில வாரங்கள், சிலர் சில மாதங்கள்கூட, பள்ளியில் வாய் திறவாமல் இருப்பதுண்டு. ஓரத்தில் நின்றாலும் உடம்பு ஆட்டத்தின் பக்கம் திரும்பியிருந்தால், கண் பந்தோடு போனால், அந்தக் குழந்தை கற்றுக்கொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். சுவரைப் பார்த்து நிற்பது, நாள்தோறும் காலையில் வயிற்றுவலி, சோற்று டப்பா தொடாமல் திரும்புவது, ஒரே கூட்டம் திரும்பத் திரும்ப விரட்டுவது ஆகியவை வேறு. அப்போது ஆட்டம் கற்பித்துப் பயனில்லை. ஆசிரியையிடம் நேரே பேசவேண்டும்.

சென்ற மாதம் நான் போனபோது குழந்தை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். "என்னம்மா?" என்றேன்.

"அவ எனக்கு 'ஆரி' விட்டுட்டா மாமா."

நம் 'காய்'தான் அவர்களுக்கு 'ஆரி'. 'பழம்' அவர்களுக்கு 'பாப்'. எனக்குப் பெரிய நிம்மதி. தோழியல்லாதவரிடம் யாரும் காய் விடுவதில்லை. திங்கட்கிழமைக்குள் பாப் ஆகிவிட்டதாக அக்காள் தொலைபேசியில் சொன்னாள்.